நான்கு பேரிங், ஒரு கேள்வி: ஒரிஜினலா என்று கேட்டு கம்பெனிக்கு எழுதிய கடிதம்

பொள்ளாச்சிப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். வருகிற மோட்டாரில் பாதிக்கு மேல் தென்னை நார் மில்லில் ஓடுபவை. தூசும் ஈரமும் பெல்ட் இழுப்பும் சேர்ந்து பேரிங்கைத் தின்னும் இடம் அது. அதனால் பேரிங் விஷயத்தில் நான் கையை இறுக்குவதில்லை, பெயர் பெற்ற கம்பெனி சரக்கு மட்டுமே போடுவேன்.

அப்படிப் போட்ட ஒரு 10 எச்பி மோட்டார், காயில் கட்டி அனுப்பிய 19ஆம் நாள் திரும்பி வந்தது. மில்காரர் வண்டியிலிருந்து இறக்கும்போதே, "தம்பி, போன தடவை மாத்துன பேரிங்தானே இது?" என்று கேட்டார். மூடியைக் கழற்றிப் பார்த்தால் பெல்ட் பக்கத்துப் பேரிங்கில் குண்டுகளைப் பிடித்திருக்கும் கேஜ் தளர்ந்து கிடந்தது. உள்வளையம் நீலம் பாய்ந்திருந்தது. கிரீஸ் காய்ந்து கறுத்த பொடியாகி இருந்தது.

முதலில் என் வேலையில்தான் குறை தேடினேன். தண்டில் பேரிங் உட்காரும் 40 மில்லிமீட்டர் இடத்தை மைக்ரோமீட்டரில் அளந்தேன், சரியாக இருந்தது. பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றவில்லை, இன்டக்ஷன் ஹீட்டரில் 110 டிகிரிக்குச் சூடாக்கி ஏற்றியது. அந்த மில்லில் மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் கிடையாது, நேரடி ஸ்டார்ட்டர்தான். அதனால் தண்டு வழியாக மின்சாரம் ஓடிப் பாதையில் வரிவரியாக அரித்திருக்கவும் வழியில்லை. பெல்ட் இழுப்பை மில்லுக்கே போய்ப் பார்த்தேன், மிகையாக இல்லை.

அப்புறம்தான் பேரிங் மேலேயே சந்தேகம் வந்தது. அந்த மாதம் வழக்கமான டீலரிடம் சரக்கு இல்லாததால் வேறொரு கடையில் இந்த மோட்டாருக்கான 6208 என்ற எண் பேரிங் நான்கு வாங்கியிருந்தேன். பில் இருக்கிறது. விலை கொஞ்சம் குறைவு, ஆனால் டூப்ளிகேட் என்று உடனே தோன்றும் அளவுக்குக் குறைவில்லை. இரண்டு இந்த மோட்டாரில் ஏறின, இரண்டு பெட்டியோடு அலமாரியில் இருந்தன.

இந்த இடத்தில் இரண்டு தவறு நடந்துவிட்டது. கெட்டுப்போன பேரிங்கைப் பழக்கதோஷத்தில் டீசலில் கழுவிவிட்டேன். உள்ளே இருந்த கிரீஸும் பொடியும் அதோடு போயின. மறுபக்கத்துப் பேரிங்கைக் கடைப் பையன் பழைய இரும்புச் சாக்கில் போட்டிருந்தான், சாக்கு அன்று மாலையே எடைக்குப் போய்விட்டது. சந்தேகம் வரும் முன்பே சான்றில் பாதி கைவிட்டுப் போனது.

மறுநாள் டீலரிடம் போய் அதே 6208 ஒன்று வாங்கி வந்து, கடைச் சரக்கில் ஒரு பெட்டியைப் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெர்னியரில் இரண்டும் உள்விட்டம் 40, வெளிவிட்டம் 80, அகலம் 18. இதில் ஒன்றும் தெரியாது. இந்த அளவு பேரிங்கின் வெளிவிட்டத்துக்கு அனுமதிக்கும் விலகலே 13 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 13 பங்கு. என் வெர்னியரின் பிழையே அதைவிடப் பெரியது. தராசில் 6 கிராம் வித்தியாசம் காட்டியது. அதையும் நான் நம்பவில்லை, கேஜின் தகட்டிலும் கிரீஸின் அளவிலும் அவ்வளவு மாறலாம்.

உண்மையில் நான் அளக்க விரும்பியது சி3 என்ற இடைவெளியை. மோட்டாருக்குச் சி3 போடுவதற்குக் காரணம், ஓடும்போது உள்வளையம் தண்டின் சூட்டில் விரியும். குண்டுக்கும் பாதைக்கும் நடுவே கொஞ்சம் கூடுதல் இடம் விட்டிருந்தால்தான் விரிந்த பிறகும் இறுகாமல் உருளும். 6208க்குச் சாதாரண இடைவெளி 6 முதல் 20 மைக்ரான், சி3 என்றால் 15 முதல் 33. சாதாரண பேரிங்கில் சி3 என்று எழுதி விற்றால் குளிரில் நன்றாகச் சுற்றும், சூடானதும் இறுகும். என் மோட்டாரில் பார்த்த நீலம் அதோடு ஒத்துப்போகிறது. ஆனால் அதை நிரூபிக்கிற டயல் என்னிடம் இல்லை, இருக்கிற டயலின் ஒரு கோடே 10 மைக்ரான். கம்பெனியிடமே கேட்பது என்று முடிவு செய்தேன்.

முதல் கடிதத்தைக் கோபத்தோடு எழுதினேன். மோட்டார் வந்தது, மில் நின்றது, மில்காரருக்கு இழப்பு, உங்கள் பேரிங் 19 நாளில் போய்விட்டது, இது டூப்ளிகேட்டா, இல்லை உங்கள் தரமே குறைந்துவிட்டதா என்று இரண்டு பக்கம். கூடவே வாட்ஸ்அப்பில் இருந்து எடுத்த மூன்று படம். பதில் மரியாதையாக வந்தது, ஆனால் பயனில்லை. பேரிங் சீக்கிரம் கெட்டது பற்றிய புகார் என்றால் வாங்கிய டீலர் வழியாக அனுப்புங்கள், அசல்தானா என்று சரிபார்க்க வேண்டும் என்றால் தெளிவான படங்கள் வேண்டும், இந்தப் படங்களில் எழுத்தே படிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

அதைப் படித்தபோதுதான் என் கடிதத்தின் கோளாறு புரிந்தது. ஏன் கெட்டது என்பது ஒரு கேள்வி, யார் செய்தது என்பது வேறு கேள்வி. ஒரிஜினலும் 19 நாளில் போகலாம், டூப்ளிகேட்டும் இரண்டு வருடம் ஓடலாம். இரண்டையும் கலந்து எழுதினால் படிப்பவர் அதைப் புகார்ப் பிரிவுக்குத் தள்ளுவார். அங்கே கேட்பது மோட்டாரையும் பொருத்திய விதத்தையும்தான், பெட்டியையும் எழுத்தையும் அல்ல.

அதனால் இரண்டாவது முறை முதலில் படங்களை ஒழுங்காக எடுத்தேன். ஒரு காலை முழுவதும் போனது. பேரிங் வளையத்தின் பக்கவாட்டு முகம் சில மில்லிமீட்டர் அகலம்தான். அதில் கம்பெனி பெயர், எண், தயாரான நாடு, தொழிற்சாலையையும் காலத்தையும் குறிக்கும் சின்னக் குறிகள் எல்லாம் அடங்கியிருக்கும். மேலே துரு பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் பளபளக்கும். ஃபிளாஷ் போட்டால் அந்த எண்ணெய்தான் படத்தில் வரும், எழுத்து வராது. பெட்ரோலில் கழுவவும் மனம் வரவில்லை, எண்ணெயும் ஒரு சான்றுதான். உலர்ந்த பனியன் துணியால் எழுத்திருக்கும் முகத்தை மட்டும் மெல்லத் துடைத்தேன்.

போனைக் கையில் பிடித்தால் ஆடுகிறது. இரண்டு செங்கல் மேல் கண்ணாடிப் பலகை வைத்து, அதன் விளிம்பில் போனைச் சாய்த்து, பேரிங்கிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிறுத்தினேன். ஜூம் தொடவில்லை, பெரிதாக எடுத்துவிட்டுப் பார்ப்பவரே பெரிதாக்கிக் கொள்ளட்டும் என்று விட்டேன். வெளிச்சம்தான் முக்கியம். ஜன்னல் பக்கம் வைத்து, ஒரு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து, முன்னால் வெள்ளைத் தாள் ஒன்றை மறைப்பாக நிறுத்தினேன். மேலிருந்து அடிக்கிற ஒளியில் தெரியாத பள்ளமும் மேடும் பக்கவாட்டு ஒளியில் நிழலோடு எழுந்து நிற்கும்.

அப்படித்தான் அதைப் பார்த்தேன். பிரித்த கடைச் சரக்கைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி எடுத்துக்கொண்டு வரும்போது, எழுத்தில்லாத பக்கம் அரைத்த கோடுகள் வளையம் முழுக்க ஒரே சீராக இருந்தன. எழுத்துள்ள பக்கம் அப்படி இல்லை. ஒரு விரல் அகல இடத்தில் கோடுகள் குறுக்கே திரும்பி, எமரித் தாள் தேய்த்தது போல் இருந்தன. டார்ச்சை இன்னும் தாழ்த்தினால் புது எழுத்துக்கு அடியில் வளைவான ஒரு நிழல், 6 அல்லது 8 என்ற எண்ணின் அடிப்பாகம் மாதிரி. நேர் வெளிச்சத்தில் அது மறைந்துவிடுகிறது. டீலரிடம் வாங்கியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அப்படி எதுவும் இல்லை. மலிவான பேரிங்கின் பழைய எழுத்தைத் தேய்த்துவிட்டுப் பெயர் பெற்ற கம்பெனி எழுத்தைப் போடுவது இந்தத் தொழிலில் தெரிந்த வேலை. ஆனால் இது அதுதான் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பதால் கடிதத்தில் பார்த்ததை மட்டும் எழுதினேன்.

பெட்டியை ஆறு பக்கமும், லேபிளைத் தனியாகவும், உள்ளே சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளையும் எடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் பொருளின் எண் எழுதிய துண்டுத் தாளும் இரும்பு ஸ்கேலும் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன், படங்கள் கலந்துபோனாலும் எது எதுவென்று தெரியும். கோப்புகளுக்கு `2-05.jpg` என்பது போல் பெயர், முதல் எண் பொருளுக்கு, அடுத்தது படத்துக்கு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், முதல் கடிதத்தில் எழுத்து மங்கியதற்கு அதுதான் காரணம். இந்த முறை போனிலிருந்து நேராகக் கணினிக்கு ஏற்றினேன். மொத்தம் 25 எம்பியைத் தாண்டியதால் இரண்டு மெயிலாகப் பிரித்தேன்.

கடிதத்தைத் தமிழில் எழுதினேன், என் அக்கா மகன் ஆங்கிலத்தில் ஆக்கிக் கொடுத்தான். "மாமா, இதுல உங்க கோபமே இல்லியே" என்றான். தமிழ் வடிவம் இதுதான்:

"பெறுநர்: வாடிக்கையாளர் உதவிப் பிரிவு.

பொருள்: 6208 பேரிங் (இரு பக்கமும் தகடு, சி3) உங்கள் தயாரிப்புதானா என்று சரிபார்க்க வேண்டுகோள். மெயில் 1, மொத்தம் 2.

ஐயா / அம்மா, வணக்கம்.

நான் மின்மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை நடத்துகிறேன். முன்பு அனுப்பிய கடிதத்தில் பேரிங் கெட்டது பற்றியும் எழுதியிருந்தேன். அந்தப் புகாரை இப்போது ஒதுக்கி வைக்கிறேன். இந்தக் கடிதத்தில் என் கேள்வி ஒன்றே: கீழே உள்ள பொருள்கள் உங்கள் நிறுவனம் தயாரித்தவையா?

பொருள் 1: மோட்டாரில் 19 நாள் ஓடிக் கெட்டது. புல்லர் போட்டுக் கழற்றியது. டீசலில் கழுவப்பட்டுவிட்டது, கிரீஸ் இல்லை. வெளிவளையத்தில் உள்ள கீறல் புல்லரால் வந்தது.

பொருள் 2: அதே பில்லில் வாங்கியது. ஓடவில்லை. படம் எடுப்பதற்காக நான் பெட்டியைப் பிரித்தேன். எழுத்துள்ள முகத்தை உலர்ந்த துணியால் துடைத்ததைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

பொருள் 3: அதே பில்லில் வாங்கியது. பெட்டி பிரிக்கப்படவில்லை. வெளிப்படங்கள் மட்டும் அனுப்புகிறேன். நீங்கள் சொல்லாமல் பிரிக்க மாட்டேன்.

பொருள் 4: உங்கள் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பின்னர் வாங்கியது. ஒப்பிடுவதற்காக இணைத்துள்ளேன்.

நான் கவனித்தவை: பொருள் 2இல் எழுத்துள்ள முகத்தின் ஒரு பகுதியில் அரைத்த கோடுகளின் திசை மாறுகிறது (படம் 2-05, 2-06). அந்த இடத்தில் எழுத்துக்கு அடியில் வேறொரு வடிவத்தின் நிழல் தெரிகிறது (படம் 2-07, பக்கவாட்டு வெளிச்சம்). பொருள் 2, 3இன் பெட்டி நிறம் பொருள் 4இன் பெட்டியைவிட வெளிறியது. பொருள் 2இல் உள்ள தயாரிப்பு நாட்டின் பெயரும் பொருள் 4இல் உள்ளதும் வேறு வேறு. இவற்றின் பொருள் என்ன என்று எனக்குத் தெரியாது.

வாங்கிய பில்லின் படத்தை இரண்டாவது மெயிலில் இணைத்துள்ளேன். விற்றவர் மேல் நான் எந்தக் குற்றமும் சொல்லவில்லை. உங்கள் பதில் வரும்வரை அவரிடம் இதைப் பேசவும் மாட்டேன். படங்களை வேறு யாருக்கும் அனுப்பவில்லை.

பொருள்கள் நான்கும் என் வசம் உள்ளன. நேரில் பார்க்க வேண்டும் என்றால் எந்த முகவரிக்கு, எப்படிக் கட்டி அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள். இன்னும் படம் வேண்டுமானால் எந்தப் பக்கம் என்று குறிப்பிட்டால் எடுத்து அனுப்புகிறேன்.

நன்றி."

விற்றவர் பற்றிய அந்த வரியை எழுதக் கொஞ்ச நேரம் யோசித்தேன். அவரும் யாரிடமோ வாங்கி ஏமாந்திருக்கலாம். அதோடு, முன்கூட்டியே போய்ச் சண்டை போட்டால் மீதிச் சரக்கு ஒரே ராத்திரியில் மறைந்துவிடும், கம்பெனி விசாரிக்க நினைத்தாலும் ஒன்றும் கிடைக்காது. பேரிங்கைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கியிருந்தாலும் அதே கதைதான், அது இன்னொரு பட்டறைக்குப் போயிருக்கும்.

ஆறாவது வேலை நாளில் பதில் வந்தது, நான்கே வரி. பொருள் 2 எங்கள் தயாரிப்பு அல்ல. பொருள் 4இல் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. பொருள் 1ஐ இந்தப் படங்களை வைத்து முடிவு செய்ய இயலாது. பொருள் 3ஐப் பிரிக்காமல் வைத்திருங்கள், எங்கள் ஆள் தொடர்பு கொள்வார். எதை வைத்து முடிவு செய்தோம் என்று வெளியே சொல்வதில்லை என்றும் எழுதியிருந்தார்கள்.

காரணம் சொல்லாதது முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு தொடர்பு கொண்டவர் போனில் பேசியதில் நியாயம் புரிந்தது. எந்த எழுத்தில், எந்த இடத்தில் பிழை என்று ஒருவருக்குச் சொன்னால் அடுத்த சரக்கில் அந்தப் பிழை திருத்தப்பட்டு வந்துவிடும். அதனால் அந்தப் படங்களை நான் இங்கேயும் போடவில்லை. அவர் இன்னொன்றும் சொன்னார். பெட்டி நிறம் வெளிறியதும் தயாரிப்பு நாடு வேறாக இருந்ததும் எதற்கும் சான்று இல்லையாம். ஒரே 6208ஐக் கம்பெனி பல நாட்டில் செய்கிறது, பெட்டி அச்சும் காலத்துக்குக் காலம் மாறும். நான் முதலில் பெரிதாக நினைத்தவை அந்த இரண்டும்தான். அவற்றை மட்டும் நம்பியிருந்தால் நல்ல டீலரின் நல்ல சரக்கையே சந்தேகப்பட்டிருப்பேன்.

பொருள் 1 பற்றிய பதிலிலும் எனக்குப் பாடம் இருந்தது. ஓடிச் சூடாகி நிறம் மாறி, புல்லர் கீறி, கழுவிய பேரிங்கில் பார்ப்பதற்கு அதிகம் மிஞ்சுவதில்லை. ஓடாத பேரிங் இரண்டும் கையில் இல்லாமல் போயிருந்தால் இந்தக் கடிதத்துக்குப் பதிலே கிடைத்திருக்காது.

இந்த அனுபவம் ஒரு கம்பெனியோடு நடந்தது, எல்லாருடைய வழியும் ஒன்றல்ல. எஸ்கேஎஃப் இதற்கென்றே `SKF Authenticate` என்று ஒரு ஆப் வைத்திருக்கிறது, எந்தப் பக்கத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று அதுவே வழிகாட்டும். அனுப்பிய படங்களைக் கம்பெனியின் ஆட்கள் பார்த்துப் பதில் சொல்வார்கள். வேறு சில கம்பெனிகள் லேபிளில் கட்டம் கட்டமான குறியீடு ஒட்டி, ஆப்பில் ஸ்கேன் செய்யச் சொல்கிறார்கள். ஸ்கேனில் பச்சை வந்தாலும் நான் பேரிங்கையும் படம் எடுப்பேன். லேபிளைப் பார்த்து அப்படியே அச்சடிக்க முடியும், குறியீடு லேபிளைப் பற்றித்தான் பேசும்.

பொருள் 2, 3 இரண்டும் கம்பெனி சொன்னபடி கூரியரில் போய்விட்டன. அனுப்புமுன் கட்டிய பொட்டலத்தையும் ரசீதையும் படம் எடுத்து வைத்தேன். மில்காரரின் மோட்டாரில் டீலர் சரக்கு இரண்டு போட்டு, கூலி வாங்காமல் ஓட்டிக் கொடுத்தேன். கம்பெனியின் பதிலை அவருக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப தப்பு உன் கை மேல இல்ல தம்பி" என்றார். அந்தச் சொல் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் பொருள் 1க்கு முடிவு சொல்லவில்லை என்பதையும் அவரிடம் சொன்னேன்.

அப்புறம் பில் புத்தகத்தைப் புரட்டியதில், அதே கடையில் இரண்டு மாதம் முன்பு 6306 நான்கு வாங்கி இரண்டு மோட்டாரில் போட்டிருப்பது தெரிந்தது. இரண்டு மில்லுக்கும் போய், ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து முனையைப் பேரிங் மூடியில் ஊன்றிக் கேட்டேன். ஒன்று அமைதியாக ஓடுகிறது, அதற்கு மாதம் ஒருமுறை போய்க் கேட்பதாகச் சொல்லியிருக்கிறேன். இன்னொன்றில் லேசாக இரைச்சல் தொடங்கியிருந்தது. அதை நேற்று கழற்றினேன். இரண்டு பேரிங்கையும் கழுவாமல், கிரீஸோடு தனித்தனி கவரில் போட்டு, எந்தப் பக்கத்தில் இருந்தது, எத்தனை நாள் ஓடியது என்று மேலே எழுதி வைத்திருக்கிறேன். கூடவே 5, 6 என்ற துண்டுத் தாளும் இருக்கிறது. நாளை காலை ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருக்கும்போது படம் எடுக்க வேண்டும்.